கீழ் ஓரம் வெட்டுப்பட்ட படம்

உணவுப் பாக்கெட்டின் பின்பக்கத்தை யாராவது படமாக அனுப்பினால், நான் முதலில் பார்ப்பது படத்தின் கீழ் ஓரத்தை. சேர்த்த பொருள்களின் வரிசை முடிந்த பிறகுதான் ‘இது அடங்கியது’ என்ற அறிவிப்பு வரும். அதற்கும் கீழே, எந்த மாதிரி இடத்தில் செய்தது என்ற வரி, இருந்தால், பொடி எழுத்தில் இருக்கும். கைப்பேசித் திரையில் ஒரு பக்கத்தைப் பிடித்து ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது வெட்டுப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டு வரிகள்தான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அண்ணி அனுப்பிய படமும் அப்படித்தான் வந்தது. அண்ணன் மகன் தன்னோடு படிக்கும் சிரம்பான் பையன் ஒருவனைத் தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குக் கூட்டி வருகிறான். அந்தப் பையனுக்கு நட் அலர்ஜி. பட்டர்வொர்த்தில் அண்ணன் வீட்டுத் திறந்த இல்லம் என்றால் மேசையில் கால்வாசி கச்சான் என்கிற நிலக்கடலை, மீதி கச்சான் பட்ட கரண்டி. அண்ணிக்குக் கவலை வந்துவிட்டது. ஆன்லைன் கடையில் ஒரு முறுக்குப் பாக்கெட்டைப் பார்த்து, “இதுல என்னென்ன இருக்கு, அவனுக்கு ஆகுமான்னு கொஞ்சம் எழுதி அனுப்பும்மா” என்று கேட்டிருந்தார். பிறை தொழிற்பேட்டையில் நொறுக்குத்தீனி செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் பல வருஷம் இருந்தேன். லேபல் சரிபார்ப்பது அங்கே என் வேலை. அதனால் குடும்பத்தில் இந்த மாதிரிக் கேள்வி எல்லாம் என் பக்கம்தான் வரும்.

படத்தில் மலாயில் படிக்க முடிந்தது இவ்வளவு:

```
RAMUAN: Tepung beras, tepung kacang dal, minyak sawit,
bijan, garam, serbuk jintan, serbuk cili, asafoetida
(mengandungi tepung gandum), perencah (gula,
maltodekstrin, protein sayuran terhidrolisis, perisa
```

கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. முற்றுப்புள்ளி இல்லை, திறந்த அடைப்புக்குறியும் மூடவில்லை. வரிசை இங்கே முடியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. படம் தெளிவாக இருந்தும் பாதிதான் கையில் இருக்கிறது. மங்கலான படம் வந்தால் யாரும் திரும்பக் கேட்பார்கள். தெளிவாக இருந்து ஓரம் மட்டும் போன படம்தான் ஆளை ஏமாற்றும். பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் படித்துவிட்ட நிறைவு வந்துவிடும்.

அண்ணியைக் கூப்பிட்டேன். “அண்ணி, கீழ பாதி காணோமே, பாக்கெட் கையில இருக்கா?”

“இன்னும் வாங்கலம்மா. உன்னைக் கேட்டுட்டு வாங்கலாம்னுதான் இருக்கேன். கடைக்காரன் போட்ட படமே அவ்வளவுதான் லா.”

சரி, இருப்பதை வைத்து ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படத்தில் இருப்பதை ஒரு எழுத்தும் மாற்றாமல் முதலில் படி எடுத்துவிடுவேன். அதன் பிறகே தமிழில் சொல்வதும் ஊகிப்பதும். படிக்கும்போதே மொழிபெயர்த்தால் நம் மூளை தனக்குத் தெரிந்ததைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடும். தெரியாத சொல்லைத் தாண்டிப் போனதே நமக்குத் தெரியாது. படி எடுக்கும்போது அடைப்புக்குறிகளை அப்படியே வைக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பவை ஒரு கூட்டுப் பொருளின் உள்ளே இருப்பவை. மேலே ‘பெரெஞ்சா’ என்று இருப்பது சுவையூட்டும் தூள். சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் அதற்குள் அடங்கியவை. எழுதும் வரிசைக்கும் பொருள் உண்டு. எடையில் அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்பது விதி. அதன்படி இது அரிசி மாவு முறுக்கு, அடுத்தது பருப்பு மாவு, மூன்றாவது எண்ணெய். ஆனால் ஒவ்வாமைக்கு இந்த வரிசை அவ்வளவு உதவாது. வரிசையின் கடைசியில் தூசியாக இருப்பதே ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பப் போதும்.

அடுத்து, இந்த லேபலில் ஆளைக் குழப்பும் கச்சாங். மலாயில் அந்தச் சொல் நிலக்கடலைக்கும் வரும், பயற்றுக்கும் வரும், பருப்புக்கும் வரும். இதை நம் வீட்டில் சொன்னால் “அது தெரியாதா” என்பார்கள். ஆனால் கச்சாங் என்று கண்டதும் பயந்து பாக்கெட்டை வைத்துவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன், ‘அது பருப்புதான்’ என்று எதையும் தட்டிவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தவறு. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்க்க வேண்டும். கச்சாங் தானா என்றால் நிலக்கடலை. கச்சாங் டால் பருப்பு, கச்சாங் கூடா கொண்டைக்கடலை, கச்சாங் ஹிஜாவ் பச்சைப்பயறு. முந்திரிக்கு கஜூஸ் என்று தனியாகவே பெயர் இருக்கிறது. பல லேபல்களில் கச்சாங் என்ற முன்சொல் இல்லாமலே வரும். கச்சாங்கை மட்டும் தேடிக்கொண்டு போகும் கண் முந்திரியைத் தவறவிட்டுவிடும்.

அண்ணி அனுப்பியதில் இருப்பது கச்சாங் டால் மாவு. நிலக்கடலையும் பருப்பும் தாவரக் குடும்பத்தில் ஒரே வகை, இரண்டும் பயற்றினம். ஆனாலும் நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோர் துவரையும் உளுந்தும் கடலைப்பருப்பும் தொந்தரவின்றிச் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு அவையும் ஆகாது. யார் எந்தப் பக்கம் என்பது லேபலில் இல்லை, அவரைக் கேட்டால்தான் தெரியும். அதனால் ‘பருப்பு மாவு: கேட்க வேண்டும்’ என்று எழுதிவைத்தேன்.

வெட்டுப்பட்ட பகுதியில் ‘மெங்அண்டுங்கி கெகச்சாங்’ என்று ஒரு அறிவிப்பு இருந்தால் அதன் அர்த்தம் என்ன? நம் மலேசியாவில் லேபலுக்கு அடிப்படை 1983-இன் உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த 1985-இன் உணவு ஒழுங்குவிதிகளும். ஒவ்வாமை தரக்கூடியவற்றைச் சொல்ல வேண்டும் என்ற அந்த விதி, கொட்டைகளையும் நிலக்கடலையையும் சோயாவையும் ஒரே வகையில் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே பொதுவாக ‘கொட்டை வகை அடங்கியது’ என்று ஒரு தயாரிப்பாளர் போட்டால் அது வெறும் சோயாவுக்காக இருக்கலாம், முந்திரிக்காகவும் இருக்கலாம். ஐரோப்பிய லேபல்களில் கதை வேறு. அங்கே பாதாம், ஹேசல்நட், வால்நட், முந்திரி என்று எந்தக் கொட்டை என்பதைப் பெயர் சொல்லியே போட வேண்டும். நம் பாக்கெட்டில் பொதுச்சொல் வந்தால், மேலே உள்ள வரிசைக்குப் போய் எந்தப் பொருளுக்காக அந்த வரி வந்தது என்று தேட வேண்டும். கிடைத்துவிட்டால் நல்லது. வரிசையில் எதுவுமே பொருந்தாதபோது அந்த வரி இருந்தால், பெயர் சொல்லாத கூட்டுப் பொருள் ஒன்றில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

இந்த முறுக்கில் ஒளிய இடம் இருப்பது பெரெஞ்சா. அதனுள் இருக்கும் ‘புரோட்டின் சாயூரான் தெர்ஹிட்ரோலிசிஸ்’ என்பது காய்கறிப் புரதத்தை அமிலத்தாலோ நொதியாலோ சிறு துண்டுகளாகச் சிதைத்து எடுப்பது. நாக்குக்கு இறைச்சிச் சாறு போன்ற சுவை தரும், அதற்காகவே நூடுல்ஸ் தூளிலும் சிப்ஸிலும் போடுகிறார்கள். எந்தத் தாவரம்? பெரும்பாலும் சோயா, சில சமயம் சோளம் அல்லது கோதுமை. நிலக்கடலையிலிருந்தும் செய்ய முடியும். சிதைத்துவிட்டதால் ஒவ்வாமை போய்விடும் என்று நம்பக் கூடாது. எவ்வளவு சிதைந்தது என்பதைப் பொறுத்தது அது. நல்ல லேபலில் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மூலத்தைப் போடுவார்கள். இந்தப் படத்தில் போடவில்லை. அதனால் அதற்கு எதிரே ‘மூலம் தெரியாது, பெரும்பாலும் சோயா, கேட்க வேண்டும்’ என்று எழுதினேன். ‘பெரும்பாலும்’ என்பது நான் சொல்வது. அந்த வார்த்தையை விருந்தாளிக்குப் போகும் பட்டியலில் விடாமல் வைக்க வேண்டும். அது விழுந்துவிட்டால் என் ஊகம் அவனுக்கு உண்மையாகிவிடும்.

பெருங்காயத்தை வேகமாகத் தாண்டலாம். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். லேபல் அதைச் சொல்லிவிட்டது. கோதுமை கொட்டை அல்ல. எள்ளும் கொட்டை அல்ல, ஆனால் கொட்டை ஆகாதவர்களில் சிலருக்கு எள்ளும் ஆகாது, அதனால் பிஜான் என்பதை எடுத்துத் தனியே எழுதினேன். பாமாயிலில் பிரச்சினை இல்லை. அதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பது வேறு விஷயம், அதற்கு வருகிறேன்.

சீரகத் தூளைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றேன். காரணம் உண்டு. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சீரகத் தூள் சேர்த்த பொருள்களை அலை அலையாகத் திரும்பப் பெற்றார்கள். அரைத்த சீரகத்தில் அறிவிக்கப்படாத நிலக்கடலைப் புரதம் இருந்தது. கடலை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் அரைத்த சீரகம் சேர்ந்த பொருளைத் தவிர்க்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்லவேண்டியதாயிற்று. அதே சமயத்தில் பிரிட்டனில் பாதாம் கலந்ததாகச் சந்தேகப்பட்டு மசாலாப் பொருள்களைத் திரும்பப் பெற்றார்கள். அதில் சீரகத்தில் இருந்தது பாதாம் அல்ல, பாதாமின் உறவுக்காரச் செடியான மஹலப் என்று பிறகு ஆய்வகம் கண்டுபிடித்தது. சோதனை இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தடுமாறியிருக்கிறது. முழுச் சீரகத்தில் என்ன கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அரைத்தபின் தெரியாது. இதனால் கறித்தூள் எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஒரே ஒரு தூள் பல தொழிற்சாலைகளுக்குப் போய், அதன் லேபலில் இல்லாத ஒன்று எத்தனை பாக்கெட்டுக்குள் ஏற முடியும் என்பதற்காகச் சொன்னேன். லேபலைச் சரியாகப் படித்தாலும் அது தப்பும். லேபலை எழுதியவருக்கே அது தெரியாது. சரி, இன்னொரு சிறு விஷயம்: லேபலில் ஜிந்தான் என்று மட்டும் இருக்கிறது. ஜிந்தான் பூத்தே சீரகம், ஜிந்தான் மானிஸ் பெருஞ்சீரகம். முறுக்கென்றால் சீரகமாகத்தான் இருக்கும்; படத்தில் அது சொல்லப்படவில்லை என்பதையும் குறித்துவைத்தேன்.

பினாங்கில் இருந்துகொண்டு புவா கெராஸைச் சொல்லாமல் விட முடியாது. இந்த முறுக்கில் அது இல்லை, ஆனால் அண்ணி மேசையில் வைக்க நினைத்த ரெண்டாங் பேஸ்ட்டில் இருக்க வாய்ப்புண்டு. மலாய், நியோன்யா சம்பால் அரைப்பில் கொழகொழப்புக்குச் சேர்க்கும் வெள்ளைக் கொட்டை அது. வெளிநாட்டுக் கொட்டைப் பட்டியல்களில் அதன் பெயர் இருக்காது. ஒவ்வாமையை வெளிநாட்டுப் பட்டியலை வைத்தே கற்றுக்கொண்ட ஒரு பையன் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். பேஸ்ட்டின் லேபலில் ‘buah keras’ என்று இருந்தால், அது என்ன என்பதையும் சேர்த்து அவனிடம் சொல்லவேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் அந்தப் பையனிடமே பேசலாம் என்று அண்ணன் மகனிடம் எண் வாங்கினேன். ‘நட் அலர்ஜி’ என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நான் கேட்டது நேரான கேள்விகள். எந்தெந்தக் கொட்டை ஆகாது? பருப்பு, கொண்டைக்கடலை, சோயா சாப்பிடுகிறாயா? எள்? தேங்காய்? லேபலில் ‘அதே இடத்தில் கொட்டையும் செய்கிறோம்’ என்று போட்டிருந்தால் சாப்பிடுவாயா? அலர்ஜி வந்தால் போடும் அவசர ஊசி வைத்திருக்கிறாயா, எங்கே வைத்திருப்பாய்?

“ஆன்ட்டி, கச்சானும் முந்திரியும் சுத்தமா ஆகாது. பிஸ்தாவும் டாக்டர் வேண்டாம்னாரு. பாதாம் சாப்பிடுவேன். பருப்பு, சோயா, தேங்காய், எள்ளு எல்லாம் ஓகே. அந்த மாதிரி போட்டிருந்தா நான் தொடமாட்டேன். பென் எப்பவும் என் பையில இருக்கும்.”

பிஸ்தா வேண்டாம் என்றதில் ஆச்சரியமில்லை. முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பத்து மரங்கள், புரதமும் நெருங்கிய உறவு. ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போகும் வாய்ப்பு அதிகம். தேங்காய்க்குப் பலர் பயப்படுவார்கள். கொட்டை ஆகாதவர்களில் பெரும்பாலானோருக்குத் தேங்காயால் ஒன்றும் ஆகாது. அமெரிக்காவில் கூட 2025 ஜனவரியில் மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டார்கள். பையன் தெளிவாக இருந்தான். என் பட்டியலில் பருப்பு மாவும் எள்ளும் சோயாவும் ஒரே நிமிஷத்தில் கவலையிலிருந்து இறங்கிவிட்டன. கவலை சுருங்கி ஓரிடத்தில் நின்றது: வெட்டுப்பட்ட கீழ் வரி.

மறுநாள் அண்ணிக்குப் பினாங்குத் தீவுக்குப் போகும் வேலை இருந்தது. லிட்டில் இந்தியாவில் அதே முறுக்கு ஒரு கடையில் இருக்கிறது என்றார். பாக்கெட்டை விரலால் இழுத்து மடிப்பைப் பிரித்து, பளபளப்பு அடிக்காமல் சாய்த்துப் பிடித்து, ஒரே படமாக எடுக்காமல் மேல் பாதி, கீழ் பாதி என்று எடுக்கச் சொன்னேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் பொடி எழுத்து பிழைக்கும். ‘முழுப் பின்பக்கமும் ஒரு தடவை’ என்றும் சேர்த்தேன். ஒட்டுக் காகிதம் ஏதாவது அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். இறக்குமதிப் பாக்கெட்டுகளில் இறக்குமதியாளர் ஒட்டும் காகிதம் மூல லேபலின் ஒவ்வாமை வரி மேலேயே விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

புதிய படத்தின் கடைசிப் பகுதி:

```
... protein sayuran terhidrolisis (soya), perisa).
MENGANDUNGI KEKACANG DAN GANDUM.
Diproses di premis yang turut memproses
kacang tanah dan gajus.
```

முதல் படத்தில் ‘சோயா’ என்ற அடைப்புக்குறி இல்லை, இதில் இருக்கிறது. இரண்டும் ஒரே முறுக்கு, ஆனால் ஒரே அச்சு அல்ல. ஆன்லைன் கடைக்காரர் எப்போதோ எடுத்த படத்தையே போட்டிருக்கிறார். தயாரிப்பாளர் பிறகு லேபலைத் திருத்தியிருக்கிறார். திருத்தம் வார்த்தையில் மட்டுமா, செய்முறையிலுமா என்பது வெளியிலிருந்து தெரியாது. கடைப் படம் முழுசாக இருந்திருந்தாலும் அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு இது போதும். கையில் வரும் பாக்கெட்டின் லேபல் மட்டுமே கணக்கு.

‘கெகச்சாங்’ வரிக்கு வரிசையில் காரணம் கிடைத்துவிட்டது. சோயா இருக்கிறது, பருப்பு மாவு இருக்கிறது. இரண்டும் பையனுக்கு ஒத்துக்கொள்ளும். கடைசி வரிதான் விஷயம். இதே வளாகத்தில் நிலக்கடலையும் முந்திரியும் செய்கிறார்கள். அவனுக்கு ஆகாத இரண்டும்.

இந்த மாதிரி வரியைப் பலர் ‘தப்பிக்க எழுதி வைப்பது’ என்று சிரித்துத் தள்ளுகிறார்கள். சில கம்பெனிகளில் அது உண்மையும்கூட. ஆனால் நொறுக்குத்தீனி விஷயத்தில் நான் சிரிக்கமாட்டேன், அந்த வளாகங்கள் எப்படி ஓடுகின்றன என்று தெரியும். ஈப்போ புந்தோங்கில் காச்சாங் பூத்தே கடைகளுக்குப் போனவர்களுக்கு அந்த வரிசை நினைவிருக்கும்: கச்சான் ஒரு பக்கம், பட்டாணி ஒரு பக்கம், முறுக்கும் ஓமப்பொடியும் மிக்ஸரும் பக்கத்திலேயே. பெரிய தொழிற்சாலையிலும் அடிப்படை இதுதான், சுவர்கள் மட்டும் அதிகம்.

முறுக்குக்குள் நிலக்கடலை போக எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. எண்ணெய் முதலாவது. கச்சான் பொரித்த எண்ணெயில் உடைந்த துகளும் தோலும் அவற்றோடு புரதமும் தங்கும். வடிகட்டினால் கண்ணுக்குத் தெரிவதுதான் போகும். கொதிக்கும் எண்ணெய் ஒவ்வாமையைக் கொன்றுவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. நிலக்கடலையில் முக்கியமான புரதங்கள் சூட்டைத் தாங்கும், வறுத்த கடலை ஒவ்வாமையைக் கூட்டவும் செய்யும். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகக் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அது ஆலையில் சுத்திகரித்த எண்ணெய்க்கு. கச்சான் பொரித்த பாமாயிலுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

இரண்டாவது, மீள் சேர்ப்பு. உடைந்த முறுக்கை யாரும் குப்பையில் போடுவதில்லை, மிக்ஸரில் போடுவார்கள். முறுக்கிலிருந்து மிக்ஸருக்குப் போனால் பிரச்சினையில்லை. மிக்ஸர் செய்து மிஞ்சியதைத் தூளாக்கி வேறொன்றின் மாவில் சேர்த்தால் பிரச்சினை. அதனால்தான் எங்கள் இடத்தில் மீள் சேர்ப்பு வாளிகளுக்கு நிறம் வைத்திருந்தோம்; சிவப்பு வாளி கடலை இருக்கும் பண்டத்துக்கு மட்டுமே திரும்பும். மூன்றாவது வழி பொதியிடும் இயந்திரம். அதன் புனலில் முந்தைய பண்டத்தின் துகள் தங்கும், முந்தைய பண்டத்தின் பிளாஸ்டிக் சுருளையே மாற்றாமல் விட்டுவிட்டால் மிக்ஸர் போய் முறுக்குப் பாக்கெட்டில் உட்காரும். கேட்டால் நம்பமாட்டீர்கள், ஆனால் சுருளை மாற்றாமல் விடுவது நடக்கிற தவறுதான்.

எவ்வளவு துகள் போதும்? 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, நிலக்கடலைப் புரதத்துக்கு 2 மில்லிகிராம், முந்திரிப் புரதத்துக்கு 1 மில்லிகிராம் என்று ஒப்பீட்டு அளவுகளைப் பரிந்துரைத்தது. ஒரு முழு நிலக்கடலைப் பருப்பில் இருக்கும் புரதத்தோடு ஒப்பிட்டால் அந்த 2 மில்லிகிராம் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அந்த அளவு எல்லாருக்கும் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பான்மையினருக்கு அதில் ஒன்றும் நேராது, சிறு பகுதியினருக்கு நேரும் என்ற கணக்கு. அந்த அளவை எட்ட, முறுக்கின் சுழலுக்குள் ஒட்டிய ஒரு துகள் போதும்.

இன்னொன்று. இந்த வரி லேபலில் இல்லாத பாக்கெட் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பொதுவாக இந்த எச்சரிக்கை தயாரிப்பாளர் தானாக முன்வந்து போடுவது, பல நாடுகளில் இதைக் கட்டாயப்படுத்தும் விதி இல்லை. வரி போட்ட கம்பெனி தன் வளாகத்தைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்திருக்கிறது. போடாத கம்பெனி யோசித்துப் போடவில்லையா, யோசிக்கவே இல்லையா என்பது தெரியாது.

பாக்கெட்டில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடும்போது ‘உங்க முறுக்குல நட்ஸ் இருக்கா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும், அது பொய்யும் இல்லை. நான் கேட்டது: முறுக்கு பொரிக்கும் சட்டியில் கச்சானும் பொரிப்பீர்களா? ஒரே நாளில் எது முதலில் ஓடும்? பாக்கெட் போடும் மெஷின் ஒன்றா இரண்டா? எடுத்த பெண் கொஞ்சமும் மறைக்கவில்லை. “எண்ணெய் ஒண்ணுதான்கா. காலையில கச்சான் பொரிச்சிட்டு அப்புறம் முறுக்கு. அலர்ஜி ஆளுங்களுக்குக் குடுக்காதீங்க.” எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

பிறகு எழுதி அனுப்பியது இது. ‘லேபலில் எழுதியிருப்பது: அரிசி மாவு, பருப்பு மாவு, பாமாயில், எள், உப்பு, சீரகம் (வகை சொல்லவில்லை), மிளகாய்த்தூள், கோதுமை கலந்த பெருங்காயம், சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், சோயாப் புரதம், வாசனை (எது என்று சொல்லவில்லை). பொருளாகக் கச்சானோ முந்திரியோ சேர்க்கவில்லை. ஆனால் கச்சான் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்கள், கேட்டு உறுதி செய்தேன். லேபலும் கச்சான், முந்திரி செய்யும் இடம் என்று சொல்கிறது. பார்த்தது கடையில் இருந்த பாக்கெட். ஆன்லைன் படம் வேறு அச்சு.’ கூடவே படங்களையும் வைத்தேன். ‘சாப்பிடலாம்’, ‘சாப்பிடக்கூடாது’ என்று நான் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவன் அவன். “வேண்டாம் ஆன்ட்டி, தேங்க்ஸ்” என்று பதில் வந்தது.

அண்ணி உடனே, “அப்போ நானே வீட்டுல சுட்டுடறேன்” என்றார். நல்ல யோசனை, ஆனால் வீட்டு முறுக்குக்கும் அதே கேள்விகள்தான். அரிசியும் உளுந்தும் அரைக்கிற மில்லில் கச்சானையும் அரைத்துக் கொடுக்கிறார்கள். அதனால் கடையில் மூடிய பாக்கெட்டில் வரும் அரிசி மாவு, எச்சரிக்கை வரி இல்லாதது, அதன் கம்பெனியையும் கூப்பிட்டுக் கேட்டு வாங்கினோம். உளுந்தை வீட்டு மிக்ஸியில் அரைக்கலாம் என்றால் சாத்தே கச்சான் குழம்பு அரைத்ததும் அதே ஜார். ரப்பர் வளையத்துக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? என் வீட்டிலிருந்து வேறு ஜார் கொண்டுபோனேன். எண்ணெய் புதுசு, சட்டி நன்றாகக் கழுவியது, முறுக்கு அச்சும் அப்படியே. கச்சான் உருண்டை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்தோம். ரெண்டாங் பேஸ்ட்டில் நான் நினைத்தபடியே புவா கெராஸ் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், அவனுக்கு அது புதுச் சொல். ரெண்டாங்கும் அவன் தட்டுக்கு வராது என்று முடிவாயிற்று.

திறந்த இல்லத்தன்று முறுக்கைத் தனித் தட்டில் தனி இடுக்கியோடு, மிக்ஸர் கிண்ணத்துக்கு எதிர் மேசையில் வைத்தோம். மாவு, எண்ணெய், எள் பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். பையன் வந்ததும் நேராக அங்கே போய் ஒவ்வொன்றாகத் திருப்பி லேபலைப் படித்தான். அண்ணிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது. என் பட்டியலை நம்பி நேராகத் தட்டில் கை வைத்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். பென் எந்தப் பையில், எந்த ஜிப்பில் என்று அண்ணன் மகனிடம் அவன் மறுபடி சொன்னான். 999-ஐ யார் கூப்பிடுவது என்பதையும் அப்போதே பேசிக்கொண்டார்கள். பிறகு முறுக்கை எடுத்தான், கேசரியைப் பார்த்து “இதுல முந்திரி இருக்கா ஆன்ட்டி?” என்றான். இருந்தது. அண்ணி வழக்கமான கை, வழக்கம்போல் போட்டுவிட்டார். கிண்ணத்தை அவர் உள்ளே எடுத்துப் போக, கேசரிக் கரண்டி மேசையில் வேறெதிலும் பட்டிருக்கிறதா என்று நான் பார்க்க ஆரம்பித்தேன்.